ஒரு கட்டம் கூட்டி

'ஐந்து ஜுஜூர்' என்கிற வகுப்புக்குக் கணக்கு எடுப்பது தண்டனை என்று அந்தப் பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேர அட்டவணை போடும் நாளில் மட்டும் எல்லா ஆசிரியர்களுக்கும் ஏதாவது ஒரு முதுகுவலி வந்துவிடும். பெஸ்தாரியில் தொடங்கி இறங்குகிற ஐந்தாம் படிவ வகுப்புகளில் ஜுஜூர்தான் கடைசி. முதுகுவலி வராத ஒரே மனிதர் ஹேமநாதன். அதனால் வருடா வருடம் அவர் தலையில்தான் அது வந்து விடியும்.

அவருக்கு அதில் வருத்தம் இல்லை. சத்தம் போடுவார், திட்டுவார், "உங்களுக்குச் சொல்றதும் ஒண்ணுதான், அந்தச் சுவத்துக்குச் சொல்றதும் ஒண்ணுதான்" என்பார். சொன்ன பேச்சு கேட்காத கூட்டம் என்று ஊருக்கே தெரியும்படி புலம்புவார். ஆனால் மதியத்தில் மற்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு தங்காக் டவுன் பக்கம் சாப்பிடப் போனபின், ஜுஜூர் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

அந்த நாலு பேரில் ஒருத்தி லோஷினி. அம்மா சந்திரமதி தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை. லோஷினிக்குத் தாதியாக வேண்டும். விளையாட்டாகச் சொல்கிற ஆசை இல்லை அது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் தாதியர் கல்லூரி, ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு முன்னால் நடக்கிற பெர்சுபானை, அதாவது மாதிரித் தேர்வை, வைத்தே சில பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும். படிப்புச் செலவை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும். மலாய், அறிவியல், கணிதம் மூன்றிலும் கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்றால் ஐம்பது. மலாயும் அறிவியலும் அவளுக்குக் கவலை இல்லை. கணிதம்தான் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது.

"சார், இந்த ஒரு ஐம்பது மட்டும் வந்துட்டா போதும் சார். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பாள். ஏதோ அவர் பையில் ஐம்பதை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது போலக் கேட்பாள்.

எளிதாக மார்க் வாங்கித் தருகிற இடம் எது என்று பார்த்து, பட்டை பட்டையாக வரைகிற ஹிஸ்டோகிராமில் கொண்டுபோய் அவர்களை இறக்கினார் ஹேமநாதன். அட்டவணையைக் கொடுத்துவிடுவார்கள். யோசிக்க ஒன்றும் இல்லை, கவனமாக வரைந்தால் நாலு மார்க். ஆனால் ஜுஜூர் வகுப்பு முதலில் வரைந்ததைப் பார்த்தால் அழுகை வரும். 10–19, 20–29 என்று பிரிவு இருந்தால், பத்திலிருந்து பத்தொன்பது வரை ஒரு பட்டை, பிறகு ஒரு சந்து, பிறகு இருபதிலிருந்து அடுத்த பட்டை.

"பல்லு விழுந்த கிழவன் வாய் மாதிரி இருக்கு" என்றார். "பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல சந்து இருக்கக் கூடாது. பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் சரி பாதி எது? பத்தொன்பதரை. அதான் எல்லை. முதல் பட்டை ஒன்பதரையில ஆரம்பிச்சு பத்தொன்பதரையில முடியும். அடுத்தது அதே கோட்டுல ஆரம்பிக்கும். எல்லாப் பட்டைக்கும் ஒரே அகலம், பத்து."

ரெண்டு சென்டிமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று அளவு வைத்தால், கிராஃப் தாளில் ஒரு சின்னக் கட்டம் ஒரு நிமிடம். ஒன்பதரை என்பது பத்தாவது கோட்டுக்கு அரைக் கட்டம் முன்னால். லோஷினி பென்சில் முனையைச் சீவி அந்த அரைக் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைப்பாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவாள். செப்டம்பர் பிறப்பதற்குள் ஜுஜூரில் பாதிப் பேருக்கு மேல் ஒழுங்காக வரைந்தார்கள். ஹேமநாதனுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வெளியே மட்டும், "பரவாயில்ல, ஏதோ கொஞ்சம் மூளை இருக்கு" என்றார்.

பெர்சுபான் வந்தது. கணிதத்தில் ஹிஸ்டோகிராமும் வந்தது. தொழிற்சாலைக்கு வந்து சேர ஐம்பது தொழிலாளர்கள் எடுத்துக்கொண்ட நேரம், ஆறு பிரிவு, 10–19 தொடங்கி 60–69 வரை.

கணிதப் பாடக் குழுவின் தலைவி சுபத்திரா டீச்சர். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருடம். திருத்துவதில் அவர் வைத்ததுதான் சட்டம். கிராஃப் கேள்வி இருந்தால் சரியான வரைபடத்தை அவரே கிராஃப் தாளில் வரைந்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பட்டைகளின் கோட்டை மட்டும் மெல்லிய பேனாவால் படியெடுத்து, திருத்துகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பார். டெம்ப்ளேட் என்பார்கள். மாணவன் வரைந்த அச்சுகள் சேரும் மூலையில் டெம்ப்ளேட்டின் மூலையை வைத்தால், பட்டை பட்டையாக எண்ண வேண்டியதில்லை. கோடு கோட்டின்மேல் விழுந்தால் சரி. அரைக் கட்டம் வரை முன்னே பின்னே இருந்தால் மன்னிப்பு. அதற்கு மேல் விலகினால் தப்பு. அச்சும் அளவும் ஒழுங்காக இருந்தால் ஒரு மார்க், எல்லைகளும் அகலமும் சரியென்றால் ஒன்று, உயரங்களுக்கு ரெண்டு.

வேலை மளமளவென்று ஓடியது. மற்ற நாலு வகுப்பின் கட்டுகளும் ஆசிரியர் அறையில் கைமாறி முடிந்தன. கடைசியாக ஹேமநாதன் தன் ஜுஜூர் கட்டைப் பிரித்தார்.

முதல் தாளில் டெம்ப்ளேட்டை வைத்தார். முதல் பட்டை ஏறத்தாழ ஒட்டி நின்றது. ரெண்டாவது கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆறாவது அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்கிவிட்டது. பதினாலு பேர் உள்ள உயரமான பட்டை, டெம்ப்ளேட் பட்டைக்குக் கிட்டத்தட்ட மூன்று சின்னக் கட்டம் கீழேயே நின்றுவிட்டது. சரி, ஒருவன் கோட்டை விட்டான். அடுத்த தாள். அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. சந்து விட்டு வரைந்தவன், எல்லைக்குப் பதிலாகப் பத்து, இருபது என்றே பட்டையை நிறுத்தியவன் எல்லாரும் வழக்கம்போல இருந்தார்கள். ஆனால் ஒழுங்காக வரைந்தது போலத் தெரிந்த படங்களும் டெம்ப்ளேட்டுக்குள் வரவில்லை. எல்லாமே ஒல்லி, எல்லாமே குட்டை.

"அலமாக், என்னடா இது" என்றார், தனக்குத்தானே.

எதிர்மேசையிலிருந்து சுபத்திரா டீச்சர் தலையைத் தூக்கினார். "என்ன ஹேமன்?"

"ஜுஜூர் மொத்தமும் ஹிஸ்டோகிராம்ல அவுட் டீச்சர். ஒருத்தன் கூடத் தேறல."

"ஜுஜூர்தானே" என்றார் அவர், மறுபடி குனிந்துகொண்டு. அதில் கேலி எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மழை பெய்தது என்று கேட்டது போல ஏற்றுக்கொண்டார். ஹேமநாதனும் ஏற்றுக்கொண்டார். அதுதான் கொடுமை.

லோஷினியின் தாளைக் கடைசியில் எடுத்தார். சுத்தமான படம். டெம்ப்ளேட்டை வைத்தார், எடுத்தார், மூலையை இன்னும் கவனமாகப் பொருத்தி மறுபடி வைத்தார். ஒல்லி, குட்டை. அச்சுக்கு மட்டும் ஒன்று போட்டு மற்ற மூன்றையும் வெட்டினார். கூட்டிப் பார்த்தால் நாற்பத்தேழு. பேனாவை மூடினார். வேறு எங்காவது மூன்று மார்க் ஒளிந்திருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தார். இல்லை. ஹேமநாதன் இல்லாத மார்க்கைப் போடுகிற ஆள் இல்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் அவர் போட்ட சத்தம் ஆய்வுக்கூடம் வரை கேட்டதாம். திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது லோஷினி தாளோடு மேசைக்கு வந்தாள்.

"சார், எனக்கு எங்க தப்புன்னு தெரியல சார். கட்டம் எண்ணித்தான் போட்டேன்."

"எண்ணின லட்சணத்தைப் பாரு." டெம்ப்ளேட்டை எடுத்து அவள் படத்தின்மேல் வைத்தார். "இது சரியான பட்டை. இது உன்னோடது. எங்க நிக்குது பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு நேராக இருந்தது. ஆறாவது பட்டையின் ஓரம் எங்கோ நிற்க, டெம்ப்ளேட்டின் ஓரம் வேறெங்கோ நின்றது. இதற்கு மேல் என்ன பேசுவது?

"எண்ணினேனே சார்" என்றாள், ரொம்பவும் மெல்ல.

அழப்போகிறாளோ என்று அவருக்கு மனசு இளகியது. காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் தேறுவாள் என்று நினைத்தார். யோசித்தார், கண்டுபிடித்தும் விட்டார். அவர் கெட்டிக்காரர், அது ஒரு வினை.

"இங்க பாரு. நீ எண்ணும்போது ஆரம்பிக்கிற கோட்டையும் ஒண்ணுன்னு எண்ணிடறே. ஆரம்பக் கோடு சைபர், ஒண்ணு இல்ல. அதான் எல்லாமே குறைச்சலா வருது. உங்க எல்லாருக்கும் இதே வியாதிதான்." வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. உங்களுக்கு விளக்கம் சொல்லிப் புரிய வைக்க இனிமே நேரம் இல்ல. எண்ணி முடிச்சதும் ஒரு கட்டம் கூட்டிக்குங்க. பக்கவாட்டுலயும் கூட்டு, உயரத்துலயும் கூட்டு. அவ்வளவுதான்."

கரும்பலகையில் எழுதியும் போட்டார். அதை வைத்து ரெண்டு படம் வரைந்து வரச் சொன்னார். வழக்கம்போல யாரும் வரைந்து வரவில்லை. நேரமும் இல்லை. இன்னும் வட்டத் தொடுகோடு பாக்கி, வரி பாக்கி, காப்புறுதி பாக்கி. ஹிஸ்டோகிராமை அதோடு விட்டார்.

கல்லூரிக்குப் போன பெயர்களில் லோஷினி பெயர் இல்லை. சந்திரமதி கடையில் அனுமதி கேட்டுப் பள்ளிக்கு வந்தார். ஹேமநாதனைத் திட்டவில்லை. "மூணு மார்க்தானே சார், வேற ஏதும் வழி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் இவர். எஸ்.பி.எம். முடிவில் கிரெடிட் வந்தால் அடுத்த சேர்க்கைக்கு மனு போடலாம், அவள் கட்டாயம் வாங்குவாள் என்றார். லோஷினி அதற்குப் பிறகும் மதியங்களில் வந்தாள். முன்புபோல ஐம்பதைக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. சொன்னதைக் குறித்துக்கொண்டு போனாள்.

எஸ்.பி.எம். தொடங்கியது. கணிதம் முடிந்தது. கேள்வித்தாள் வெளியே வந்ததும் ஹேமநாதன் முதலில் புரட்டியது ஹிஸ்டோகிராமைத்தான். இருந்தது. லேசான அட்டவணை. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தார்.

நான்காம் படிவத்துக்கு ஆண்டிறுதித் தேர்வு வைக்க வேண்டும். அந்த வாரமே, பாடக் குழு அலமாரியில் மிச்சம் கிடந்த கிராஃப் தாள்களை எடுத்து, ஒரு மாதிரி விடை வரைய உட்கார்ந்தார். பெர்சுபான் அட்டவணையையே வைத்துக்கொள்வோம், டெம்ப்ளேட்டும் இருக்கிறது, பார்த்துப் போட்டால் வேலை மிச்சம் என்று நினைத்தார். அச்சு வரைந்தார். பத்து, இருபது, முப்பது என்று தடித்த கோடுகளில் எண்களை எழுதினார். டெம்ப்ளேட்டை மூலையில் வைத்தார். 69.5-இல் நிற்க வேண்டிய ஓரம் எழுபதைத் தாண்டி நின்றது. எழுபத்திரண்டும் தாண்டி.

டெம்ப்ளேட்டைத் திருப்பி வைத்தாரா என்று பார்த்தார். இல்லை. மேசையில் கிடந்த ரூலரை எடுத்து, தாளின் ஒரு பெரிய கட்டத்தின் மேல் வைத்தார். ரெண்டு சென்டிமீட்டர் மாதிரிதான் இருந்தது, ஒரு மயிரிழை குறைவு. கட்டங்களின் மொத்த அகலத்தை அளந்தார். பதினெட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பதினேழரைகூட இல்லை, பதினேழு புள்ளி மூன்று.

அந்தக் கிராஃப் தாள் கட்டின் மேலே சுற்றியிருந்த துண்டுத் தாளில் சுபத்திரா டீச்சரின் கையெழுத்தில் "5 ஜுஜூர், மிச்சம்" என்று இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு போய் டீச்சரின் முன்னால் வைத்தார். ரூலரையும் வைத்தார். டீச்சர் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார்.

"அச்சு மெஷின்ல மை தீர்ந்துபோச்சு" என்றார் கடைசியில். "நாலு வகுப்புக்குக் கிராஃப் தாள் அடிச்சிட்டோம். ஜுஜூருக்கு மட்டும் ஆபிஸ் மெஷின்ல காப்பி எடுக்கச் சொன்னேன். அந்த மெஷின் ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு தானாவே சின்னதாக்கிடும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல."

"டெம்ப்ளேட் சரியான தாள்ல வரைஞ்சது."

"ஆமா."

ரெண்டு பேரும் ஆளை ஆள் பார்க்கவில்லை. கோப்புக்காகத் திரும்ப வாங்கி வைத்திருந்த ஜுஜூர் தாள்கள் இருந்தன. லோஷினியுடையதை உருவினார் ஹேமநாதன். இந்த முறை டெம்ப்ளேட் இல்லை. அட்டவணையை ஒரு பக்கம், படத்தை ஒரு பக்கம் வைத்து, பென்சில் முனையால் எண்ணினார். முதல் எல்லை, பத்துக்கு அரைக் கட்டம் முன்னால், சரி. அடுத்து பத்தொன்பதரை, இருபத்தொன்பதரை, கடைசியில் அறுபத்தொன்பதரை வரை ஒவ்வொன்றும் தடித்த கோட்டுக்கு அரைக் கட்டம் முன்னால். ஒவ்வொரு பட்டையும் பத்துக் கட்ட அகலம், சந்து இல்லை. ரெண்டு சென்டிமீட்டருக்கு ரெண்டு பேர் என்பதால் ஆளுக்கு ஐந்து சின்னக் கட்டம். மூன்று பேருக்குப் பதினைந்து கட்டம், சரி. ஏழுக்கு முப்பத்தைந்து, சரி. பன்னிரண்டு, பதினாலு, ஒன்பது, ஐந்து, எல்லாம் சரி. ஒரு கோடுகூடக் கால் கட்டம் தவறவில்லை. நாலுக்கு நாலு.

நாற்பத்தேழும் மூன்றும் ஐம்பது.

"எல்லாரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்காங்க" என்றார் அவர். "ஒரே பக்கம், ஒரே அளவு. அப்படி யாராவது தப்புப் பண்ணுவாங்களா டீச்சர்? பெஸ்தாரி கட்டுல இப்படி வந்திருந்தா ரெண்டாவது தாள்லயே ரூலரை எடுத்திருப்பேன்."

"நானும்தான்" என்றார் சுபத்திரா டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரே கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். தப்பு பள்ளிக்கூடத்துடையது, பிள்ளையுடையது இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பெர்சுபானை வைத்துக் கொடுத்த இடங்கள் முடிந்துவிட்டன, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. எஸ்.பி.எம். முடிவில் கணிதத்துக்குக் கிரெடிட் இருந்தால் கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள், முதலில் கவனிக்கிறோம் என்றாள்.

"பரவாயில்ல ஹேமன், ஒரு வாசல் இன்னும் திறந்திருக்கு" என்று போனை வைத்தார் டீச்சர். ஹேமநாதனுக்கு அப்போதுதான் அது மண்டையில் உறைத்தது.

"டீச்சர், நான் அவங்களுக்கு ஒரு கட்டம் கூட்டிப் போடச் சொல்லியிருக்கேன்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. ஹேமநாதன் எடுத்துச் சொன்னார். சரியாக எண்ணுகிற பிள்ளைகளிடம், நீங்கள் எண்ணுவது தப்பு, எப்போதும் ஒரு கட்டம் கூட்டுங்கள் என்று சொன்னதைச் சொன்னார். எஸ்.பி.எம். தாள்கள் ஒழுங்காக அச்சடித்தவை. அதில் ஒரு கட்டம் கூட்டினால் ஒன்பதரையில் நிற்க வேண்டிய பட்டை பத்தரையில் நிற்கும். எல்லா எல்லையும் தப்பு, எல்லா உயரமும் தப்பு. அச்சுக்கு ஒரு மார்க் கிடைத்தால் உண்டு. லோஷினி மாதிரி ஐம்பதின் விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு மூன்று மார்க் என்றால் என்ன என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

சுபத்திரா டீச்சர் லோஷினியின் தாளை மூடி வைத்தார். பிறகு, "நீங்க சொன்னதை அவங்க என்னிக்கு ஹேமன் கேட்டிருக்காங்க?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹேமநாதன் அந்த வாரத்தைத் தள்ளினார். சட்டையை உள்ளே விடச் சொன்னால் விடமாட்டார்கள். கால்குலேட்டர் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவர மாட்டார்கள். அந்த ரெண்டு படத்தை ஒரு பிள்ளையாவது வரைந்து வந்ததா? கரும்பலகையை யார் பார்த்தார்கள்? கடைசி பெஞ்சுக் காளிதாஸ் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் எதற்காக அந்தப் பிள்ளைகளைத் திட்டினாரோ, அதையே இப்போது சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு தடவையும் காதில் வாங்காமல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஷாமளா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

பரீட்சை நடக்கும் மண்டபத்துப் பக்கம் அவர் போகக் கூடாது. அறிவியல் தாள் நடந்த அன்று கேண்டீனில் போய்க் காத்திருந்தார். லோஷினியின் பெர்சுபான் தாள் கையில் இருந்தது. நாற்பத்தேழை அடித்து, பக்கத்தில் ஐம்பது என்று சிவப்பில் எழுதி, சுபத்திரா டீச்சரும் அவரும் கையொப்பம் போட்டிருந்தார்கள். எதற்கும் ஆகாத ஐம்பது. ஆனாலும் அவளுக்குச் சேர வேண்டியது என்று கொண்டுவந்திருந்தார்.

மணி அடித்து ஜுஜூர் கூட்டம் சத்தத்தோடு இறங்கி வந்தது. லோஷினி, அவள் தோழி மலர், பின்னால் காளிதாஸ். சாரைப் பார்த்ததும் மலர் ஓடி வந்தாள்.

"சார், சயின்ஸ் ஓகே லா சார்! கேள்வி எல்லாம் சுலபம்தான்."

"நல்லது." அவர் லோஷினியைப் பார்த்தார். "லோஷினி, கணக்குல அந்த ஹிஸ்டோகிராம் போட்டியா?"

"போட்டேன் சார்." ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "முதல்ல பழைய பழக்கத்துல அரைக் கட்டத்துலயே புள்ளி வச்சு முழுசும் வரைஞ்சிட்டேன். அப்புறம்தான் சார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒரு கட்டம் கூட்டிப் போட்டேன். உயரத்துக்கும் கூட்டினேன்."

"மத்தவங்க?" என்றார் ஹேமநாதன். மற்றவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். மற்றவர்களாவது.

"எல்லாரும்தான் சார்!" என்றாள் மலர். "ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி வரிசையில நிக்கும்போது இவதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், கூட்டிப் போட மறந்துடாதீங்கன்னு சொன்னா. காளிதாஸே போட்டிருக்கான், கேளுங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டோம்னு எப்பவும் ஏசுவீங்களே, இந்தத் தடவை ஒருத்தரும் விடல சார்."

காளிதாஸ் பெருமையாகத் தலையை ஆட்டினான்.

அதற்குள் லோஷினி அவர் கையில் இருந்த தாளில் தன் பெயரைப் பார்த்துவிட்டாள். "என் பேப்பரா சார்?" என்று வாங்கிப் பிரித்தாள். அடித்த நாற்பத்தேழைப் பார்த்தாள், ஐம்பதைப் பார்த்தாள், கிராஃப் பக்கத்துக்குத் திருப்பினாள். அவளுடைய பழைய பட்டைகள் ஆறுக்கும் தனித்தனியாக ஒரு சரி போட்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்திலிருந்து சிரிப்பு போவதை அவர் பார்த்தார். கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, முடியவில்லை.

"அப்படின்னா நான் அழிச்சதுதான் சரியா, சார்?"

ஹேமநாதன் தலையை ஆட்டினார். தாள் சின்னதாகிவிட்டது, டெம்ப்ளேட் பொருந்தவில்லை, தப்பு எங்களுடையது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அது அவருக்கே கேட்கவில்லை.

மலருக்கும் காளிதாஸுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "என்ன லோஷினி, என்ன ஆச்சு?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். லோஷினி அவர்கள் பக்கம் திரும்பினாள். வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அதை இனி அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.